முப்பது வயதுக்காரர்கள் ஏன் இத்தனை பேர்?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியிடும் அட்டவணைகளில் சி-13 என்று ஒன்று உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்டவர்கள் எத்தனை பேர், ஒரு வயதினர் எத்தனை பேர், இரண்டு வயதினர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வயதையும் தனித்தனியாக எண்ணித் தரும் அட்டவணை அது. அந்த எண்களை வரைபடமாகப் போட்டால் என்ன வர வேண்டும்? வயது ஏற ஏற மரணம் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களைக் குறைப்பதால், இடமிருந்து வலமாகச் சீராக இறங்கும் ஒரு சரிவு வர வேண்டும். வருவதோ பல் உடைந்த சீப்பு. 29இல் தாழ்ந்திருக்கும் கோடு 30இல் செங்குத்தாக எழும்பும், 31இல் பொத்தென்று விழும். 35இல் மறுபடி எழும்பும், 40இல் அதைவிட உயரமாக எழும்பும். 50, 60, 70 என்று போகப் போகப் பள்ளமும் மேடும் இன்னும் கூர்மையாகும்.

2011 கணக்கெடுப்பில் 30 வயதானவர்கள் பிறந்த 1980இல் மட்டும் இந்தியாவில் பிள்ளைகள் அதிகமாகப் பிறந்து, 1979இலும் 1981இலும் குறைவாகப் பிறந்திருக்க முடியாது. பிறந்தவர்கள் சீராகத்தான் பிறந்தார்கள். வயதைச் சொல்லும் இடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது. மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை வயதுக் குவிப்பு என்கிறார்கள். பூஜ்ஜியத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்துவிடுகிறார்கள். பக்கத்து வயதுகள் காலியாகின்றன.

நடப்பது என்ன என்பதை வாசற்படியில் நின்று பார்க்கலாம். கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியை. வீட்டில் அப்போது இருப்பவர் மருமகள்.

"மாமியாருக்கு என்ன வயசும்மா?"

"அறுபது, அறுபத்தஞ்சு இருக்கும் டீச்சர்."

"அறுபதுன்னு போடவா, அறுபத்தஞ்சுன்னு போடவா?"

"அறுபதே போட்டுக்குங்க."

இந்த நான்கு வரிக்குள் குவிப்பின் காரணங்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. முதலாவது, வயது கேட்கப்பட்டது மாமியாரைப் பற்றி, பதில் சொன்னது மருமகள். கணக்கெடுப்பில் வீட்டுக்கு ஒருவர்தான் எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறார். பிறருடைய வயது யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. இரண்டாவது, மாமியாரையே கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. பிறப்பைப் பதிவு செய்யும் பழக்கம் பரவாத காலத்தில் வீட்டில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் போயிருந்தால்கூட அங்கே எழுதியது சேர்க்கை நாளுக்கு வசதியான ஒரு தேதியாகத்தான் இருக்கும். மூன்றாவது, கணக்கெடுப்பவருக்குக் கட்டத்தில் ஓர் எண் வேண்டும். ஏறக்குறைய என்ற சொல்லுக்குப் படிவத்தில் இடமில்லை. ஆக, தெரியாத ஒன்றுக்குத் தெரிந்ததுபோல ஓர் எண்ணை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த எண் வட்ட எண்ணாக அமைகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. மனிதர்கள் அளவைத் தோராயமாகச் சொல்லும்போது பத்துகளையும் ஐந்துகளையும் பிடித்துக்கொள்வது எங்கும் உள்ளதுதான். பூஜ்ஜியத்துக்கு ஈர்ப்பு அதிகம், அடுத்தது ஐந்து, அதற்குப் பின்னால் 2, 8 போன்ற இரட்டைப்படை இலக்கங்கள். 1, 3, 7, 9 ஆகியவற்றில் முடியும் வயதைத் தோராயமாகச் சொல்கிறவர்கள் அரிது.

வயது தெரியாமலிருப்பதும் எல்லாச் சமூகங்களிலும் ஒரே மாதிரி இல்லை. சீனாவின் 1982ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஹான் மக்களின் வயதுகள் வியக்கத்தக்க அளவுக்குச் சீராக இருந்தன, எழுத்தறியாத முதியவர்களிடையேகூட. காரணம், அங்கே ஒவ்வொருவருக்கும் தான் பிறந்த ஆண்டின் விலங்கு தெரியும். எலி, மாடு, புலி என்று பன்னிரண்டு விலங்குகள் சுற்றி வருகின்றன. "நான் புலி ஆண்டில் பிறந்தவள்" என்று ஒரு பாட்டி சொன்னால் அவர் வயது 56 அல்லது 68. நடுவில் எதுவும் இல்லை. அதே நாட்டில், அந்த வழக்கம் இல்லாத சிஞ்சியாங் பகுதி மக்களிடையே குவிப்பு தெளிவாகத் தெரிந்தது. நம் வீடுகளில் பாட்டிகளுக்குத் தங்கள் பிள்ளைகளின் நட்சத்திரம் மறப்பதே இல்லை. ஆனால் நட்சத்திரம் இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவது. மாதத்தில் எந்த நாள் என்று சொல்ல உதவுமே தவிர, எந்த ஆண்டு என்று சொல்லாது. ஆண்டைச் சொல்லும் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது பெயர்கள் பஞ்சாங்கத்தில் இருந்தும், சாதாரணக் குடும்பங்களில் அவை அன்றாட நினைவில் தங்கவில்லை.

அதனால்தான் தேர்ந்த கணக்கெடுப்பாளர்கள் வயதை நேரடியாகக் கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை; ஊரறிந்த நிகழ்ச்சிகளின் பட்டியலைக் கையில் வைத்திருப்பார்கள். "தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டால் 1964 டிசம்பர் வந்துவிடும். "அண்ணா இறந்தப்ப பெரியவன் கைக்குழந்தையா?" என்றால் 1969 பிப்ரவரி. கும்பகோணம் பக்கம் 1968, 1980, 1992 மகாமகங்களைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வயதுகளையே கோத்துவிடலாம். முறை நல்லதுதான். ஆனால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் முடிக்க வேண்டிய ஓர் ஆசிரியைக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

2011 கணக்கெடுப்பில் வயதோடு பிறந்த தேதியையும் கேட்டார்கள். தேதி தெரிந்தவர்களுக்கு இது உதவும். தெரியாதவர் ஆண்டையும் உருண்டையாகத்தான் சொல்வார்: 1950, 1960, 1980. நம் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2011 மார்ச் 1. 1980இல் மார்ச் 1க்குப் பின் பிறந்த எவருக்கும் அன்று நிறைவடைந்த வயது 30. ஆண்டை உருட்டினாலும் வயதை உருட்டினாலும் பெரும்பாலோர் வந்து விழும் இடம் ஒன்றுதான்.

குவிப்பு எவ்வளவு என்று அளக்க மிக எளிய கருவி அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பொறியாளர் ஜார்ஜ் விப்பிளின் பெயரில் இருக்கும் குறியீட்டெண். இதற்கு 23 முதல் 62 வரையுள்ள வயதினரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வரம்பு காரணத்தோடு போடப்பட்டது. 23, 24, 25, 26, 27 என்று முதல் ஐந்தில் 25 நட்டநடுவில் நிற்கிறது. கடைசி ஐந்தான 58 முதல் 62 வரையில் 60 நடுவில் நிற்கிறது. ஒவ்வொரு வட்ட வயதுக்கும் இருபுறமும் இரண்டிரண்டு வயதுகள் காவலாக இருப்பதால், மக்கள்தொகை இயல்பாகச் சரிந்துகொண்டு போவது கணக்கைக் கெடுக்காது. குழந்தைகளையும் முதியவர்களையும் விட்டுவிடுவது, அவர்களின் வயதுப் பிழைகள் வேறு வகை என்பதால்.

ஒரு வட்டாரத்தில் 23 முதல் 62 வயதுக்குட்பட்டவர்கள் 40,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுகளில் 0, 5இல் முடிபவை எட்டு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. எனவே குவிப்பே இல்லையென்றால் அந்த எட்டு வயதுகளில் ஏறத்தாழ 8,000 பேர் இருக்க வேண்டும். அட்டவணையில் 14,000 பேர் இருக்கிறார்கள். 14,000ஐ 8,000ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 175. அதுதான் விப்பிள் எண். குவிப்பு இல்லாவிட்டால் 100, எல்லோருமே வட்ட வயது சொல்லியிருந்தால் 500. ஐக்கிய நாடுகள் அவையின் அளவுகோலில் 105க்குக் கீழே இருந்தால் மிகத் துல்லியம். 175ஐ எட்டினாலோ தாண்டினாலோ மிக மோசம். இந்த எண்ணுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இருக்க வேண்டியதைவிட 6,000 பேர் கூடுதலாக வந்திருக்கிறார்கள். 40,000இல் அது 15 விழுக்காடு. அப்படியானால் ஏழு பேருக்கு ஒருவராவது தன் வயதல்லாத வயதில் உட்கார்ந்திருக்கிறார்.

விப்பிளுக்கு 0, 5 தவிர வேறு இலக்கம் தெரியாது. பத்து இலக்கங்களில் எதை மக்கள் விரும்புகிறார்கள், எதைத் தவிர்க்கிறார்கள் என்று தனித்தனியாகப் பார்க்க, பின்னாளில் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறையின் தலைமைக் கணிப்பாளராக இருந்த ராபர்ட் மையர்ஸ் 1940இல் ஒரு முறையைத் தந்தார். 10, 20, 30... என்று பூஜ்ஜிய வயதுகளைக் கூட்டி, 19, 29, 39... என்று ஒன்பதில் முடியும் வயதுகளின் கூட்டலோடு ஒப்பிட்டால் பூஜ்ஜியம் நியாயமில்லாமல் ஜெயிக்கும். ஏனென்றால் 10 வயதினர் 19 வயதினரைவிட இயல்பாகவே அதிகம். மையர்ஸ் ஒவ்வொரு இலக்கத்தையும் முறைவைத்துத் தொடக்க இடத்தில் நிறுத்திப் பத்து முறை கூட்டச் சொன்னார். அந்தச் சாய்வு அதில் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது மனிதர்களின் விருப்பு வெறுப்பு மட்டும்.

அளந்தாயிற்று. இனித் திருத்த வேண்டும். ஒருவரின் உண்மையான வயதை எந்தக் கணிதத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த மாமியாருக்கு 58ஆ 63ஆ என்று யாராலும் சொல்ல இயலாது. ஆனால் கூட்டமாகப் பார்க்கும்போது பிழையின் திசை தெரியும். 40இல் குவிந்திருப்பவர்கள் 20இலிருந்தோ 60இலிருந்தோ வந்தவர்கள் அல்லர். 37 முதல் 43 வரையுள்ள அக்கம்பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆகவே வயதுகளைத் தொகுதிகளாக வெட்டும்போது குவியலும் அது விழுங்கிய அக்கம்பக்கமும் ஒரே தொகுதிக்குள் இருக்கும்படி வெட்டினால், அந்தத் தொகுதியின் மொத்தம் ஏறத்தாழ உண்மையாகவே இருக்கும். திருத்தும் கலை முழுவதும் எங்கே வெட்டுவது என்ற கேள்வியில்தான் நிற்கிறது.

இதை நான் பார்த்தவற்றிலேயே மிக அழகாகச் செய்தது 1931ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பு. ஜே.எச். ஹட்டன் ஆணையராக இருந்த அந்தக் கணக்கெடுப்பின் வயதுக் கணக்குகளைச் செய்து ஆயுள் அட்டவணை தயாரித்தவர் எல்.எஸ். வைத்தியநாதன். அந்த முறை நிறைவடைந்த வயதைக் கேட்பதற்குப் பதிலாக, அருகிலுள்ள பிறந்தநாளின் வயதைக் கேட்டார்கள். ஆறு வருடம் ஏழு மாதம் ஆன பிள்ளைக்கு ஏழு என்று எழுத வேண்டும். பிறகு வயதுகளை வழக்கமான ஐந்தைந்தாக வெட்டாமல் மூன்றும் ஏழுமாக மாற்றி மாற்றி வெட்டினார்கள்: 4 முதல் 6, 7 முதல் 13, 14 முதல் 16, 17 முதல் 23, 24 முதல் 26 என்று.

பார்த்தால் விசித்திரமான வெட்டு. கொஞ்சம் நின்று யோசித்தால் காரணம் புலப்படும். 4 முதல் 6 வரையிலான தொகுதியின் நடுவில் 5 இருக்கிறது. 7 முதல் 13 வரையில் நடுவில் 10 இருக்கிறது. ஐந்தில் முடியும் வயதுக்கு ஈர்ப்பு குறைவு, அது பக்கத்துக்கு ஒரு வயதைத்தான் பெரிதும் இழுக்கும், அதனால் அதற்கு மூன்று வயது அகலம். பூஜ்ஜியத்துக்கு ஈர்ப்பு அதிகம், பக்கத்துக்கு மூன்று வயது வரை இழுக்கும், அதனால் ஏழு வயது அகலம். குவியலுக்குப் போனவர்கள் தொகுதிக்குள்ளேயே இருக்கிறார்கள்.

இதிலிருந்து எல்லோருக்கும் பழக்கமான ஐந்தாண்டுத் தொகுதிகளுக்கு எப்படி வருவது? இங்கேதான் அருகிலுள்ள பிறந்தநாள் கைகொடுக்கிறது. 4, 5, 6 என்று பதிவானவர்களின் மெய்யான வயது மூன்றரையிலிருந்து ஆறரை வரை. அதன் நடுப்புள்ளி சரியாக 5. 7 முதல் 13 என்று பதிவானவர்கள் ஆறரையிலிருந்து பதின்மூன்றரை வரை; அதன் நடுப்புள்ளி சரியாக 10. முதல் தொகுதியைப் பாதியாக்கினால் மேல்பாதி ஐந்திலிருந்து ஆறரை வரை. இரண்டாவதைப் பாதியாக்கினால் கீழ்ப்பாதி ஆறரையிலிருந்து பத்து வரை. இரண்டு பாதிகளையும் ஒட்டினால் ஐந்து முதல் பத்து வரையுள்ளவர்கள் கிடைத்துவிடுகிறார்கள், விளிம்பில் ஒரு மாதம்கூடப் பிசகாமல். கணிப்பொறி இல்லாத காலத்தில், தாளும் பென்சிலும் கொண்டு கோடிக்கணக்கானவர்களுக்குச் செய்யக்கூடிய திருத்தம் இது.

இதற்கும் பலவீனம் உண்டு. ஒரு தொகுதியை நேர்பாதியாக வெட்டும்போது அதற்குள் எல்லா வயதினரும் சம எண்ணிக்கையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் இளைய பாதி சற்றுப் பெரியது. பெரிய பலவீனம் வாசற்படியில் இருந்தது. அருகிலுள்ள பிறந்தநாள் என்ற கேள்வி, வயதே தோராயமாகத் தெரிந்தவரிடம் பொருளற்றுப் போகும். கணக்கெடுப்பவர் பழக்கத்தில் நிறைவடைந்த வயதையே எழுதினால் எல்லா விளிம்புகளும் அரை வயது நகர்ந்துவிடும். பிந்தைய கணக்கெடுப்புகள் நிறைவடைந்த வயதுக்கே திரும்பின.

இன்றைய வழி பத்தாண்டுத் தொகுதியிலிருந்து தொடங்குகிறது. ஏன் ஐந்தாண்டுத் தொகுதி போதாது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு வட்டாரத்தின் எண்கள் இப்படி வந்திருக்கின்றன என்று கொள்வோம்: 20-24 வயதில் 5,500, 25-29இல் 4,500, 30-34இல் 4,750, 35-39இல் 3,650, 40-44இல் 3,950, 45-49இல் 2,850. ஏறி இறங்கி ஏறி இறங்குகிறது. 30-34 தொகுதி 28, 29 வயதினரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 35-39 தொகுதி தன் 38, 39 வயதினரை 40க்குப் பறிகொடுத்தது. பூஜ்ஜியத்தில் தொடங்கும் தொகுதி எப்போதும் வீங்கும், ஐந்தில் தொடங்குவது எப்போதும் மெலியும்.

இரண்டிரண்டாகச் சேர்த்தால்? 20-29இல் 10,000, 30-39இல் 8,400, 40-49இல் 6,800. சீரான சரிவு. முப்பதுகள் கீழே இருபதுகளிடமிருந்து பெற்றதும், மேலே நாற்பதுகளிடம் இழந்ததும் ஏறத்தாழ ஈடுகட்டிக்கொண்டன. இப்போது 30-39இன் மொத்தத்தை மாற்றாமல் உள்ளே மட்டும் மறுபடி பிரிக்க வேண்டும். காரப், கிங், நியூட்டன் என்ற மூன்று பெயர்களில் வழங்கும் சூத்திரம் சொல்வது இது: மொத்தத்தில் பாதியை எடு, கீழ்ப் பத்தாண்டுக்கும் மேல் பத்தாண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பதினாறில் ஒரு பங்கை இளைய பாதிக்குக் கூட்டு, மூத்த பாதியில் கழி. 8,400இல் பாதி 4,200. 10,000க்கும் 6,800க்கும் வித்தியாசம் 3,200. அதில் பதினாறில் ஒன்று 200. ஆக 30-34இல் 4,400, 35-39இல் 4,000. பதிவான 4,750உம் 3,650உம் இப்படித் திருத்தம் பெறுகின்றன. ஐந்தாண்டுத் தொகுதியையும் ஒற்றை வயதுகளாக உடைக்க வேண்டுமானால் ஸ்பிரேக், பியர்ஸ் ஆகியோரின் பெருக்கெண் அட்டவணைகள் இருக்கின்றன; அடிப்படை எண்ணம் ஒன்றேதான்.

இந்த முறைகள் எல்லாவற்றிலும் ஓர் ஆபத்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம். சூத்திரத்துக்குப் பொய்யான மேடும் தெரியாது, மெய்யான பள்ளமும் தெரியாது. எதைக் கண்டாலும் தேய்த்துவிடும். ஜப்பானில் 1965இல் ஏறத்தாழ 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன, 1966இல் 13.6 லட்சம், 1967இல் 19.4 லட்சம். 1966 நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண்கள் கணவனுக்கு ஆகாதவர்கள் என்ற நம்பிக்கையால் பெற்றோர் குழந்தைப் பேற்றைத் தவிர்த்தார்கள். அந்தப் பள்ளம் முழுக்க உண்மை. அந்நாட்டு அட்டவணையைப் பத்தாண்டுகளாகச் சேர்த்து மேற்சொன்ன சூத்திரத்தால் பிரித்தால், அந்த ஆண்டில் பிறக்காத லட்சக்கணக்கான குழந்தைகளைக் காகிதத்தில் பிறக்க வைத்துவிடுவோம். பஞ்சம், போர், கொள்ளைநோய் ஆகியவை விட்டுப்போகும் வடுக்களும் இதே வடிவில்தான் இருக்கும்.

பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானின் பள்ளம் 1970 கணக்கெடுப்பில் சுமார் 4 வயதில் தெரிந்தது. 1980இல் 14 வயதுக்கும், 1990இல் 24க்கும் போய்விட்டது. அது குறிப்பிட்ட மனிதர்களுக்கு உரியது, அதனால் அவர்களோடு சேர்ந்து வயதாகிறது. ஆனால் குவிப்பு எண்ணுக்கு உரியது: ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் 30, 40, 50 என்ற அதே இடங்களில் எழும்பும். பத்தாண்டு இடைவெளிக் கணக்கெடுப்புகளில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு: இப்போது 30இல் இருக்கும் மேடு பத்தாண்டு கழித்து 40இல் தெரிந்தால், நகர்ந்ததா அல்லது அங்கே புதிதாக முளைத்ததா என்று சொல்ல முடியாது. அதனால் வட்டமல்லாத வயதுகளில்தான் தேட வேண்டும். 27இல் ஒரு பள்ளம் இருந்து, அடுத்த முறை 37இல், மற்ற 7ஆம் இலக்கங்களில் இல்லாத ஆழத்தில் இருந்தால், அதைத் தேய்க்கக் கூடாது.

முதுமையில் இந்தக் கருவிகள் எல்லாமே தடுமாறுகின்றன. இதுவரை பார்த்த திருத்தங்கள், வட்ட வயது இரு பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய சமமாக இழுக்கிறது என்ற அனுமானத்தில் நிற்பவை. முதியோர் உதவித்தொகைக்கு ஒரு வயது வரம்பு இருக்கும்போது, 57 வயதுக்காரர் 60 சொல்வார். 63 வயதுக்காரர் 60 சொல்ல அத்தனை காரணம் இல்லை. எண்பதைத் தாண்டியவர்களுக்கு வயதைக் கூட்டிச் சொல்வதில் ஒரு பெருமையும் உண்டு. பிழை ஒரே திசையில் ஓடும்போது எந்தத் தொகுதிக்குள்ளும் அது ஈடாவதில்லை, பத்தாண்டுத் தொகுதியின் மொத்தமே தவறாகிவிடும். அங்கே செய்யக்கூடியது, 2001இல் 50 முதல் 59 வயதில் இருந்தவர்களை எடுத்து, இடையில் இறந்திருக்கக்கூடியவர்களைக் கழித்து, 2011இல் 60 முதல் 69 வயதில் எத்தனை பேர் மிஞ்சியிருக்க வேண்டும் என்று கணக்கிடுவது. அட்டவணையில் அதைவிட அதிகம் பேர் இருந்தால், அந்த உபரியில் பலர் இன்னும் அறுபதை எட்டாதவர்கள். ஆனால் இதிலும் 2001இன் வயதுகள் சரி என்று நம்ப வேண்டியிருக்கிறது. அவற்றைச் சரிபார்க்க 1991க்குப் போக வேண்டும்.